வெள்ளைச் சட்டை எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான்

தோட்டத்தில் சம்பளம் பத்தாந் தேதி வாக்கில். பாடசாலையோ, வழக்கமான ஆண்டுகளில், ஜனவரி முதல் வாரத்திலேயே திறந்துவிடுகிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் புத்தகக் கடைகளும் சப்பாத்துக் கடைகளும் நிரம்பி வழியும் அந்த நாட்களில் லயத்து வீடுகளில் கையில் காசு இருக்காது. பத்தாந் தேதி வரும் சம்பளமும் முழுசாக வராது. அக்டோபரிலோ நவம்பரிலோ வாங்கிய தீபாவளி முற்பணத்தின் தவணை அதில் கழியும். ஜனவரியில் பனி விழும், மழை குறையும், கொழுந்தும் குறையும். சில தோட்டங்களில் வேலை நாளே குறைந்துபோகும். இதற்கு நடுவில் தைப்பொங்கலும் வந்து நிற்கும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கென்று இன்னும் 200 ரூபா சேர்ப்பதாக அறிவித்தது. பிள்ளைகளின் சப்பாத்துக்கென்று அரசு கொடுத்த வவுச்சரின் பெறுமதி 3,000 ரூபா. அந்த விலையில் ஒரு சோடிச் சப்பாத்து என்பது 1,350 ரூபாக் கணக்கில் இரண்டு நாள் கொழுந்தைத் தாண்டுகிறது. வவுச்சர் கிடைக்காமல் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் சப்பாத்துக்கு மட்டும் ஒரு வாரத்துச் சம்பளம் போய்விடும்.

இலங்கையில் கல்வி இலவசம்தானே, பிறகு எதற்கு இத்தனை செலவு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். இலவசம்தான். 1980 முதல் தரம் 1 தொடக்கம் 11 வரை பாடநூல்களை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. 1993இல், பிரேமதாச ஜனாதிபதியாக இருந்த காலத்தில், சீருடைத் துணியும் இலவசமானது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு மறுபடியும் துணிக்கே திரும்பினார்கள். 2022 நெருக்கடிக்குப் பின் அந்தத் துணியில் பெரும்பங்கு சீனாவின் நன்கொடையாக வந்தது. 2023இல் தேவையின் 70 சதவீதம், அடுத்த ஆண்டு 80, 2025இல் முழுத் தேவையும்.

ஆக, புத்தகமும் ஒரு செட் துணியும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. மற்றதெல்லாம் பெற்றோர் தலையில். துணியைத் தைக்கும் கூலி, இரண்டாவது செட், சுவெட்டர், வவுச்சர் கிடைக்காதவர்களுக்குச் சப்பாத்து, பை, டை, கொப்பிகள், புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், உயர்தரம் போய்விட்டால் பாடப் புத்தகங்களும். தோட்டப்புறத்தில் பாவித்த பொருள் பரிமாற்றம் என்று யாராவது தொடங்கினால் இந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்கவேண்டும். அரசு ஏற்கெனவே கொடுப்பதை மறுபடி சேகரித்துக் குவிப்பதால் எந்தத் தாயின் பணப்பையிலும் ஒரு ரூபாவும் மிஞ்சாது.

முதலில் சீருடை. இதில் இலங்கைப் பெற்றோருக்கு இருக்கும் வசதி பல நாட்டுப் பெற்றோருக்கு இல்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிறம், ஒரு சின்னம் பொறித்த கோட்டு. ஒரு பள்ளியின் உடை அடுத்த தெருப் பள்ளிக்கு உதவாது. செலவு தாங்காமல் பெற்றோர் முறையிட, 2021இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. அதன்படி வந்த அரசாங்க வழிகாட்டல், பாவித்த சீருடை பெற்றோருக்குக் கிடைக்கும்படி செய்வதைப் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. நம் நாட்டில் அரச பாடசாலை எதுவானாலும் பையனுக்கு வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை. உயர் வகுப்பில் வெள்ளை நீளக் காற்சட்டை. பெண் பிள்ளைக்கு வெள்ளைக் கவுன். டையும் பட்ஜும் மாறும். கவுனின் கழுத்தும் கொசுவமும் பாடசாலைக்குப் பாடசாலை சற்று வேறுபடும். அதைத் தவிர மஸ்கெலியாவில் கழற்றியதைக் கந்தப்பளையில் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வசதியை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதுதான் வேடிக்கை. லயத்தில் அக்கா போட்டதைத் தங்கை போடுவது காலங்காலமாக நடக்கிறது. பெரியம்மா மகளின் கவுன் சித்தி மகளுக்குப் போவதும் உண்டு. ஆனால் அது குடும்பத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அங்கேதான் பிழைக்கிறது.

ஒரு வீட்டை வைத்துப் பார்க்கலாம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு டிவிசன். மூத்தவள் தரம் 9, நடுவில் பையன் தரம் 6, கடைக்குட்டி தரம் 4. மூத்தவளின் கவுன் அவளுக்குக் குட்டையாகிவிட்டது, துணி இன்னும் நன்றாகவே இருக்கிறது. கடைக்குட்டிக்கு அது பொருந்த இன்னும் இரண்டு மூன்று வருடம் வேண்டும். அம்மா அதை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். இரண்டு மூன்று தென்மேற்குப் பருவமழையைப் பெட்டிக்குள் கழித்த வெள்ளைத் துணி வெளியே வரும்போது மடிப்பு மடிப்பாக மஞ்சள் ஏறி, கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அந்தப் புள்ளி போகாது. பிளீச் போட்டால் புள்ளி போவதற்கு முன் துணி போய்விடும். நடுவிலுள்ள பையனுக்கு அக்காவிடமிருந்து கிடைப்பது சுவெட்டர் ஒன்றுதான். அதே கவுன் அந்த டிசெம்பரிலேயே தரம் 7க்குப் போகும் வேறொரு பிள்ளையிடம் போயிருந்தால் இரண்டு வருடம் உழைத்திருக்கும். கடைக்குட்டிக்குத் தேவையானது வேறெங்கோ ஒரு வீட்டில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதை ஒரு டிவிசனுக்குள் முடித்துவிடவும் முடியாது. நூறு பிள்ளைகள் படிக்கும் சிறு தோட்டப் பாடசாலையில் ஐந்து வகுப்பு, வகுப்புக்கு இருபது பேர், அதில் பெண் பிள்ளைகள் பத்து. ஓர் அளவுக் கவுனைக் கைவிடும் பிள்ளையும் அதே அளவைத் தேடும் பிள்ளையும் அந்தப் பத்துக்குள் சரியாகச் சந்திப்பது அபூர்வம். நான்கைந்து பாடசாலைகள் சேர்ந்தால், அல்லது பக்கத்து நகரப் பாடசாலை ஒன்று கூடச் சேர்ந்தால் கணக்கு மாறும். கொட்டகலை, தலவாக்கலை, நோர்வூட் போன்ற இடங்களில் பஸ் பாதையிலேயே பல பாடசாலைகள் இருக்கின்றன. ஒரே கல்வி வலயத்துக்குள் மூட்டையை அனுப்புவது பெரிய வேலை இல்லை.

பல பாடசாலைகள் சேர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு, அது காசைவிடப் பெரியது. ஒரே வகுப்பறையில் ஒருத்தி போட்டதை இன்னொருத்தி போட்டால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘அது என் கவுன்’ என்ற ஒரு சொல் போதும், அந்தப் பிள்ளை மறுநாள் தலைவலி என்று வீட்டில் நின்றுவிடும். மூட்டை லிந்துலையிலிருந்து டிக்கோயாவுக்குப் போனால் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. கழுத்தின் உட்புறம் பெயர் எழுதியிருந்தால் மட்டும் அந்தத் துண்டைப் பிரித்தெடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது செட் எதற்கு என்று கேட்பவர்கள் ஜூன், ஜூலையில் மலைநாட்டுப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். பீலியில் துவைத்துக் கொடியில் போட்ட வெள்ளைத் துணி இரண்டு நாளானாலும் காயாது. அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே கட்டினால் புகை ஏறும், வாடையும் அடிக்கும். ஈரச் சட்டையோடு பிள்ளையை அனுப்ப மனமில்லாத தாய் அன்று பாடசாலைக்கே அனுப்புவதில்லை. ஒரே செட் வைத்திருக்கும் பிள்ளையின் வரவு இடாப்பில் மழைக்காலம் தெரியும்.

பாவித்த சீருடை கையில் இருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. அரசு கொடுத்த புதுத் துணியை ஜனவரியிலேயே அவசரப்பட்டுத் தைக்கத் தேவையில்லை. முதலாம் தவணையைப் பாவித்ததோடு ஓட்டிவிட்டு, இரண்டாம் தவணையில், மழை தொடங்கும் முன், அன்றைய அளவுக்குத் தைக்கலாம். வளரும் வயதில் ஐந்து மாதத்தில் அளவு மாறிவிடும். தையல் கடைகளும் ஜனவரியைப் போல நெரிசலாக இருக்காது. தைக்கும்போது கவுனின் கீழ்மடிப்பில் இரண்டு மூன்று அங்குலம் விடச் சொன்னால் அடுத்த ஆண்டு அதைப் பிரித்து இறக்கலாம். பையனின் காற்சட்டையில் இடுப்புத் தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டுவைத்தால் அதுவும் அப்படித்தான்.

பரிமாற்றத்துக்கு வரும் துணியில் நல்லது எது என்று பார்ப்பது எப்படி? வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கவேண்டும். கழுத்து, அக்குள், பையனின் காற்சட்டை என்றால் பின்பக்கம், இந்த மூன்று இடத்திலும் நூல் மெலிந்து வெளிச்சம் கசிந்தால் அது இன்னொரு வருடம் தாங்காது. இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் தையலோரத்தில் துளைகள் பெரிதாகும். அடிக்கடி பிளீச் கண்ட துணி பார்வைக்குப் பளிச்சென்று இருந்து, இழுத்ததும் கிழியும். மஞ்சள் சாயலைப் பற்றிக் கவலை வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்து நீலம் போட்டு வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் போய்விடும். தேயிலைக் கறையும் செம்மண் கறையும் பழையதானால் போகாது. அப்படிப்பட்டதை எறியாமல் தனியே வைத்தால் காலர், பொக்கற், ஒட்டுத் துண்டு என்று வெட்டிக்கொள்ளலாம்.

அளவை வயதை வைத்தோ தரத்தை வைத்தோ எழுதினால் குழப்பம்தான். ஒரே தரம் 5இல் ஒட்டி உலர்ந்த பிள்ளையும் உண்டு, வாட்டசாட்டமான பிள்ளையும் உண்டு. தோளிலிருந்து கீழ்மடிப்பு வரை எத்தனை அங்குலம், நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி ஊசியால் குத்திவிடவேண்டும். கூட்டத்தில் துணியை விரித்து விரித்துப் பார்க்கும் வேலை அதனால் பாதியாகும். தைக்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால் பொத்தான் அறுந்தது, ஓரம் பிரிந்தது எல்லாம் அங்கேயே சரியாகிவிடும்.

சப்பாத்து விஷயத்தில் ஆசைப்படக்கூடாது. ஒருவர் பாதத்துக்கு வளைந்த சப்பாத்து இன்னொருவர் காலைக் கடிக்கும். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் குதி ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரியும், சாய்ந்ததை எடுக்கவேண்டாம். அடிப்பாகத்தை மடக்கினால் பசை விட்டுப் பிளக்கிறதா என்றும் பார்க்கவேண்டும், மலைநாட்டு மழையில் முதலில் போவது அதுதான். சீக்கிரம் கால் வளர்ந்ததால் இரண்டு மூன்று மாதமே போட்ட சோடிகள் சில வரும். அவை மட்டும் போதும். சுவெட்டர் நேர்மாறு. இரண்டு பிள்ளை போட்ட பிறகும் மூன்றாவது பிள்ளைக்கு ஆகும்.

இனிப் புத்தகம். தரம் 11 வரை பாடநூல் இலவசம் என்பதால் இங்கே பரிமாற்றம் தேவைப்படுவது இடைவெளிகளுக்குத்தான். ஒரு பாடத்துக்குப் புத்தகம் தாமதமாக வருவது, ஆண்டு நடுவில் வேறு பாடசாலைக்கு மாறுவது, மழையில் நனைந்து போவது. 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்கான பாடநூல்களில் ஒரு பகுதி இந்தியக் கடனுதவியில் வந்த காகிதத்தில் அச்சானது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நுவரெலியா மாவட்டத்தில் மலைச்சரிவுகளும் வெள்ளமும் வீடுகளைக் கொண்டுபோனபோது புத்தகப் பைகளும் போயின. வகுப்புக்கு இரண்டு மூன்று செட் பழைய பாடநூலைப் பாடசாலை அலுமாரியில் பூட்டி வைத்திருப்பது இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான்.

ஆனால் எல்லாப் புத்தகமும் கைமாறாது. ஆரம்ப வகுப்புகளில் பிள்ளை எழுதியும் வர்ணம் தீட்டியும் நிரப்பும் பயிற்சி நூல்கள் ஒரு பிள்ளையோடு முடிந்துவிடும். ஆங்கிலத்தில் பாடநூல் கைமாறும், பயிற்சிப் புத்தகம் கைமாறாது. வாங்கும் முன் உள்பக்கத்தில் முதற் பதிப்பு எந்த ஆண்டு, மறுபதிப்பு எந்த ஆண்டு என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கவேண்டும். முதற் பதிப்பின் ஆண்டு வகுப்பில் நடக்கும் நூலோடு ஒத்துப்போனால் மறுபதிப்பு ஆண்டு வேறானாலும் பெரும்பாலும் பாதகமில்லை. முதற் பதிப்பே வேறு என்றால் பாடத்திட்டம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2026இல் தரம் 1க்குப் புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. தரம் 6க்கும் அதே ஆண்டு வரவிருந்து, ஆங்கில மொடியூல் பற்றிய சர்ச்சையால் 2027க்குத் தள்ளிப்போனது. தரம் 6 பழைய பாடநூலை அடுத்த வருடத்துக்கென்று சேர்த்து வைப்பவர்கள் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும். ஒரே ஒரு பாடநூல்தான் தொலைந்தது என்றால் edupub.gov.lk தளத்தில் கல்வி வெளியீட்டுத் திணைக்களமே பாடநூல்களை வைத்திருக்கிறது. தேவையான பாடத்தை மட்டும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம்.

உண்மையான செலவு தொடங்குவது தரம் 12இல். உயர்தரத்துக்கு அரசு இலவசப் பாடநூல் தொகுதி கொடுப்பதில்லை. ஆசிரியர்கள் எழுதி வெளியிடும் நூல்கள், டியூசன் குறிப்புகள், அலகு வாரியாகத் தொகுத்த கடந்தகால வினாத்தாள்கள் என்று எல்லாமே கைக்காசு. தோட்டத்திலிருந்து உயர்தரம் வரை வந்து சேரும் பிள்ளைகள் ஏற்கெனவே குறைவு. அதிலும் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க நகரத்துப் பாடசாலைக்குத் தினமும் பஸ் ஏறும் பிள்ளைக்குப் பஸ் காசுக்கு மேல் புத்தகக் காசும் சேர்கிறது. பரிமாற்றத்தால் அதிகம் மிச்சமாவது இங்கேதான். எண்ணிக்கையில் குறைந்த புத்தகம், பெறுமதியில் கூடியது. பரீட்சை எழுதி முடித்தவருக்கு அது மறுநாளிலிருந்து தேவையில்லை.

இங்கும் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. உயர்தரப் பாடத்திட்டம் மாறி, முதல் பரீட்சை 2019இல் நடந்தது. அந்த ஆண்டு பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு வினாத்தாள். அதற்கு முன் அச்சான நூல்கள் இன்னும் அலுமாரிகளில் இருக்கின்றன, நன்கொடையாகவும் வருகின்றன. அட்டையைப் பார்த்து ஏமாறவேண்டாம்; எந்த ஆண்டுப் பரீட்சைக்கு எழுதப்பட்டது என்று முன்னுரையில் பார்க்கவேண்டும். குறிப்புக் கொப்பியைக் கொடுக்க மனமில்லாத மாணவர்கள் இருப்பார்கள். இரண்டு வருட உழைப்பு, அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது. போட்டோப் பிரதி எடுத்து மூலத்தைத் திருப்பிக் கொடுத்தால் இரு தரப்புக்கும் சரி.

புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் தொகுப்புகளும் இப்படித்தான். பிள்ளை பேனாவால் விடை எழுதிவிட்டால் முடிந்தது. தரம் 5 ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே, விடையை வேறு கொப்பியில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டால் ஒரு தொகுப்பு மூன்று வருடம் ஓடும். பாதி வெறுமையாக மிஞ்சும் கொப்பிகளின் தாள்களைப் பிரித்துத் தைத்தால் கணக்குச் செய்து பார்க்கும் கொப்பி ஒன்று கிடைக்கும்.

இதை யார் நடத்துவது? ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, பெற்றோரும் ஆசிரியரும் அதில் இருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கம் உள்ள இடத்தில் உயர்தரப் புத்தகத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளலாம். நாள், மூன்றாம் தவணை முடியும் வாரத்து ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளில் வைத்தால் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் அம்மாக்கள் வரமுடியாது. ஜனவரியில் வைத்தால் அதற்குள் கடைக்குக் கடன் சொல்லிவிட்டு வாங்கியிருப்பார்கள். இடம், கோயில் மண்டபமோ வாசிகசாலையோ, நனையாத எதுவும்.

விதிகளில் ஒன்றைப் பற்றி வாதம் வரும். ‘கொண்டுவந்தவருக்கே எடுத்துச் செல்ல உரிமை’ என்று டோக்கன் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். நகரத்தில் அது நியாயமாக இருக்கலாம். தோட்டத்தில், ஒரே செட்டைக் கிழியும்வரை போட்ட பிள்ளையின் தாயிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. டோக்கன் முறை வைத்தால் அவள்தான் வெறுங்கையோடு போவாள். அதனால் டோக்கன் வேண்டாம். பிள்ளைக்கு இத்தனை உருப்படி என்ற எல்லை மட்டும் போதும். தெரிவு செய்வது தாய்மாராக இருக்கட்டும், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவேண்டாம். கையளிப்பு விழா, பொன்னாடை, பெனர், பிள்ளையின் கையில் பழைய கவுனைக் கொடுத்து எடுக்கும் படம், இவை எதுவும் கிட்ட வரக்கூடாது. அந்தப் படம் போனில் சுற்றினால் அடுத்த வருடம் ஒருவரும் வரமாட்டார்கள்.

அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து உதவி வராமல் இல்லை. அஸ்வெசும பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், பிறகு 300க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கும் 2025இல் 6,000 ரூபா கற்றல் உபகரணக் கொடுப்பனவு வந்தது. சீருடையும் சுவெட்டரும் பரிமாற்றத்தில் கிடைத்துவிட்டால் அப்படிப்பட்ட தொகை கொப்பிக்கும் சப்பாத்துக்கும் போய்ச் சேரும், கடைக் கடனுக்குப் போகாது.

இந்த ஆண்டு உயர்தரம் எழுதி முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய பேப்பர் வாங்குபவர் வாசலுக்கு வருவதற்கு முன் அந்தப் புத்தகக் கட்டைப் பக்கத்துப் பாடசாலையின் உயர்தர வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.